நெட் இல்லாத தோட்டத்தில், பொழுது சாய்வதை விளக்குக்குச் சொல்வது எப்படி?

நாட்டரசன்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றடிக்கும் விளக்குப் போட, சிறிய ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகை வாங்கினேன். தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. தினமும் சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் அதுவாகவே தெரிந்துகொள்ள முடியுமா?’

முடியும். தேதி, மணி, ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

சாதாரண டைமரில் 6.15 மணி என்று வைத்துவிட்டால் என்ன குறை? நாட்டரசன்கோட்டையில் நவம்பர் நடுவில் சூரியன் மாலை 5.51-க்கே மறைந்துவிடும். ஜூலை முதல் வாரம் கழிந்த சமயத்தில் 6.41 ஆகும். இடைவெளி 50 நிமிடம். ஒரு காலத்தில் இருட்டில் பால் கறக்க வேண்டியிருக்கும். இன்னொரு காலத்தில் வெயிலிலேயே விளக்கு எரியும். வெளிச்சத்தை உணரும் சென்சாரோ, மழை மூட்டம் போட்டால் பகலிலேயே விளக்கைப் போட்டுவிடும்.

கணக்கு இரண்டே படி. முதலில் உச்சிப்பொழுது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாட்டரசன்கோட்டை ஏறக்குறைய 78.55-இல், அதற்கு மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று வைத்தால், சூரியன் இங்கே சுமார் 16 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வரும். பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதில் ஒரு கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும். அந்தத் திருத்தம்தான் கீழே E. அடுத்து, உச்சியிலிருந்து மறைவு வரை எவ்வளவு நேரம் என்பது. அதைச் சூரியனின் சாய்வும் ஊரின் அட்சரேகையும் தீர்மானிக்கின்றன.

```
float B = 2*PI*(n-81)/365.0;
float E = 9.87*sin(2*B) - 7.53*cos(B) - 1.5*sin(B);
float d = 0.4093*sin(B);
float lat = 9.87*PI/180;
float H = acos((-0.01454 - sin(lat)*sin(d))
               / (cos(lat)*cos(d)));
float noon = 720 + 4*(82.5-78.55) - E;
float sunrise = noon - H*720/PI;
float sunset  = noon + H*720/PI;
```

`n` என்பது ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்பது. விடை, நள்ளிரவிலிருந்து எண்ணிய நிமிடங்களாக வரும். வேறு ஊர்க்காரர்கள் `lat` வரியில் உள்ள 9.87-ஐயும், 78.55-ஐயும் மட்டும் மாற்ற வேண்டும். E வரியிலும் 9.87 இருக்கிறது, அது சூத்திரத்தின் எண், ஊருடையது அல்ல. அதைத் தொடக்கூடாது.

ஜனவரி 15-க்குப் போட்டுப் பார்க்கலாம். n = 15. E சுமார் –9.4 வரும். 720-உடன் 15.8-ஐக் கூட்டி, இந்த –9.4-ஐக் கழித்தால் 745. அதாவது உச்சி 12.25 மணி. பாதிப் பகல் 348 நிமிடம். ஆகவே உதயம் காலை 6.37, மறைவு மாலை 6.13. சூரியன் மறைந்த உடனே இருட்டிவிடாது. நம் பகுதியில் 20 நிமிடத்துக்கு மேல் மங்கல் வெளிச்சம் இருக்கும். அதனால் மறைவுக்கு 15 நிமிடம் கழித்து விளக்கைப் போட்டு, உதயத்துக்கு 15 நிமிடம் முன்பு அணைத்தால் போதும். நள்ளிரவு கடந்ததும் ஒரு தடவை கணக்கிட்டால் அந்த நாள் முழுவதற்கும் ஆகும்.

கணக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சரியாக இருக்கும். பிழை பெரும்பாலும் கடிகாரத்தில்தான் வரும். பலகையில் உள்ள கடிகாரம் கரண்ட் போனால் மறந்துவிடும். பட்டன் பேட்டரி உள்ள தனிக் கடிகார மாட்யூல் வேண்டும். DS3231 வகை ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே விலகும். விலை குறைந்த DS1307 மாதத்துக்கே ஒரு நிமிடம்கூட விலகலாம். மாட்யூல் 2000-ஆம் ஆண்டைக் காட்டினால் பேட்டரி தீர்ந்தது என்று பொருள்.

எழுதியது சரியா என்று அறிய உச்சிப்பொழுதைப் பாருங்கள். எந்த நாளிலும் அது 11.59-க்கும் 12.31-க்கும் இடையில் இருக்க வேண்டும். 12-க்கு வெகு முன்னால் போனால் தீர்க்கரேகைக் கழித்தலைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். ஜூனில் பகல் குறைந்து டிசம்பரில் நீண்டால் அட்சரேகையின் குறி மாறியிருக்கும். உச்சிப்பொழுது சரியாக இருந்தும் உதயமும் மறைவும் பொருந்தாமல் வந்தால், டிகிரியை ரேடியனாக மாற்றும் `PI/180` விடுபட்டிருக்கலாம். தினசரி காலண்டரோடு ஒப்பிடும்போது, அது எந்த ஊருக்குக் கணித்தது என்று பாருங்கள். சென்னையில் உச்சிப்பொழுது நாட்டரசன்கோட்டையைவிட ஏழு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும்.