யன்னல் முழுசு, கண்ணாடிதான் சின்னன்

"எடிட் செய்யப்பட்ட படங்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

ஒரு தங்கச்சிக்கு வந்த பதில் இவ்வளவுதான். இணையவழிப் பாடநெறி ஒன்றின் கடைசிப் பரீட்சையைத் தன் லப்டொப்பில் செய்து முடித்தவள். முடிவு ஒரு தனி யன்னலில் வந்தது. மேலே புள்ளி, கீழே உறுதிப்படுத்தும் இலக்கம். இரண்டும் தெரியும்படி "ஒரே ஸ்கிரீன்ஷொட்" அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய திரையில் கீழ்ப்பகுதி விளிம்புக்கு வெளியே போய்விட்டது. இரண்டு படம் எடுத்து ஒட்டி அனுப்பினாள். பதிலைக் காட்டி, "நான் என்ன களவா செஞ்சனான் அக்கா?" எண்டு கேட்டாள்.

களவு செய்யவில்லை. அவளிடம் கேட்கப்பட்டதை அந்த லப்டொப்பில் வழமையான முறையில் செய்யவே முடியாது. அதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

அவளுடைய திரை 1366×768. எங்கட பட்சில் பாதிப்பேரின் லப்டொப் இதே அளவுதான். தமிழ் எழுத்து வாசிக்கக் கஷ்டம் எண்டு 125% பெருப்பித்து வைத்திருக்கிறாள். அந்த முடிவு யன்னலின் உயரம் 760 பிக்சல், இழுத்துச் சுருக்கவும் முடியாது. பெருப்பித்தால் 950. திரையின் 768இல் கீழே டாஸ்க்பார் 50ஐப் பிடிக்கிறது, மிஞ்சுவது 718. அப்படியெண்டால் 232 பிக்சல் கண்ணுக்கே தெரியாது. "100%க்குக் குறைக்க வேண்டியதுதானே" எண்டு சொல்லுறவைக்கும் பதில் இருக்கு: அப்போதும் மிஞ்சுவது 728தான், யன்னல் 760. அந்தக் கடைசி 32 பிக்சலுக்குள்தான் இலக்கம் நிற்கிறது. 1080 பிக்சல் உயரத் திரையில் இருந்து அதை வடிவமைத்தவருக்கு இந்தப் பிரச்சினை வந்திருக்கவே வராது.

Print Screen அடித்தாலும் Alt+Print Screen அடித்தாலும் கிடைப்பது அந்த நேரம் கண்ணாடியில் தெரிவதன் பிரதி. யன்னலின் எந்தப் பகுதி வெளியே போனதோ அது படத்தில் வராது. இன்னொரு யன்னல் மேலே கிடந்தால் அதுவும் சேர்ந்து வரும். Snipping Toolஇல் யன்னலைத் தெரிவு செய்தாலும் கதை மாறாது. அது முதலில் முழுத்திரையையும் உறைய வைத்துவிட்டு, பிறகு அதிலிருந்து வெட்டித் தருகிறது. இல்லாததை எப்படி வெட்டுவது?

அவள் செய்தது பழைய, நேர்மையான வழி. Alt+Space அடித்து, Move தெரிவு செய்து, மேல் அம்புக்குறியை அழுத்தி, யன்னலின் தலையைத் திரைக்கு மேலே தள்ளினாள். அடி தெரிந்தது. இரண்டாவது படம் எடுத்தாள். முதல் படத்தில் யன்னலின் மேல் 718 பிக்சல், இரண்டாவதில் கீழ் 718. இரண்டிலும் பொதுவாக வருவது 486 பிக்சல், அதாவது யன்னலின் பாதிக்கு மேல். ஒன்றன் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் பொருந்துதோ இல்லையோ எண்டு யாராலும் சொல்ல முடியும். ஆனால் ஒரே படத்தை Paintஇல் திறந்து 54ஐ 84 ஆக்கினால் ஒட்டுத் தையலே இருக்காது. அந்தப் படம் ஏற்றுக்கொள்ளப்படும்! சோதித்துப் பார்க்கக்கூடியதைத் தள்ளிவிட்டு, சோதிக்க முடியாததை நம்புகிற விதி இது. அது பிடிப்பது கள்ளரை இல்லை, சின்னத் திரைக்காரரை.

கோபம் வருகிற இன்னொரு விசயம், அந்த முழுப்படம் கணினிக்குள்ளேயே கிடக்கிறது என்பது. விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்த 2007இல் இருந்து, ஒவ்வொரு யன்னலும் தன்னைத் தனக்கென்ற ஒரு தாளில் வரைகிறது. Desktop Window Manager என்ற பகுதி அந்தத் தாள்களை அடுக்கித் திரையில் காட்டுகிறது. விளிம்புக்கு வெளியே போன 232 பிக்சலும் தாளில் உண்டு. கேட்கவும் வழி உண்டு. நிரல் எழுதுகிறவர் இந்த ஒரு வரியில் கேட்பார்:

```
PrintWindow(hwnd, hdc, 2)
```

"திரையைப் பார்க்காதே, யன்னலே உன்னை முழுசாக வரைந்து தா" என்பது இதன் பொருள். கடைசியில் நிற்கிற 2 விண்டோஸ் 8.1இல் வந்தது. அது இல்லாவிட்டால் பல புதிய செயலிகள் கறுப்புப் பெட்டியாக வரும். மக்கில் Cmd+Shift+4 அடித்து, Space தட்டி, யன்னலைக் கிளிக் செய்தால் பின்னால் மறைந்த பகுதியும் முழுசாக வரும். நிரல் ஒன்றும் தேவையில்லை. ஆகவே "தொழில்நுட்பம் அப்படித்தான்" எண்டு சொல்லாதேங்கோ. விண்டோஸின் விசைக்கு அந்த வழியை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சி முடிவு யன்னலை இன்னும் மூடியிருக்கவில்லை. OBS என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். Sourcesஇல் Window Capture சேர்த்து, அந்த யன்னலைத் தெரிவு செய்து, Capture Methodஇல் "Windows 10 (1903 and up)" வைத்தோம். தலைப்புப் பட்டையும் வரவேண்டும் எண்டு Client Area என்ற சரியை எடுத்துவிட்டோம். பிறகு அந்த சோர்ஸில் வலது கிளிக் செய்து Screenshot (Source). 950 பிக்சல் உயரமும், புள்ளியும் இலக்கமும், ஒரே படத்தில். யன்னல் அப்போதும் திரைக்கு வெளியே பாதி தொங்கிக்கொண்டுதான் நின்றது.

இதுக்கும் எல்லைகள் இருக்கு. யன்னலை மினிமைஸ் செய்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. பின்னால் மறைந்திருக்கலாம், மடங்கியிருக்கக் கூடாது. குரோம் போன்ற பிரவுசர்கள் முழுசாக மறைந்தால் வரைவதையே நிறுத்திவிடும், பழைய படம் வரும். உள்ளே ஓடுகிற மணிக்கூடு நின்றுபோயிருந்தால் அதுதான் அடையாளம். யன்னலின் ஒரு ஓரத்தைத் தெரிய விட்டால் திரும்ப ஓடும். ஸ்குரோல் செய்தால்தான் தெரிகிற பகுதியும் வராது, ஏனெண்டால் அதை யன்னல் இன்னும் வரையவே இல்லை.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். மறைத்து வைத்ததை ஒரு மென்பொருள் எடுக்கக்கூடியதாக இருப்பது ஆபத்து இல்லையா? ஆபத்துத்தான். விண்டோஸ் 10இல் OBS எடுக்கும்போது யன்னலைச் சுற்றி மஞ்சள் கோடு வருவது அதுக்காகத்தான். வகுப்பில் ஒரு யன்னலை மட்டும் ஷெயார் செய்யும்போது, மேலே வேறொன்றைப் போட்டு மறைத்துவிட்டோம் எண்டு நம்ப வேண்டாம். பல செயலிகளில் மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் இது ஆட்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஒரு காரணம். தன் சொந்த யன்னலைத் தானே முழுசாக எடுக்க ஒருத்தியை அலைய வைக்க இது காரணம் ஆகாது.

புதுப்படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே புள்ளி, அதே இலக்கம். முதல் அனுப்பியதில் இருந்ததைவிட ஒரு பிக்சல்கூட அதில் புதிதாக இல்லை. OBS தெரிந்த ஒரு அக்கா அவளுக்கு இருந்தது மட்டும்தான் வித்தியாசம். அப்படி ஒருவரும் இல்லாதவர்களுக்காக அந்த விதியில் ஒரு வரியை மாற்றலாம்: "முழு யன்னலும் ஒரே படத்தில் வராவிட்டால், பொதுவான பகுதி தெரியும்படி இரண்டு படங்களை ஒட்டாமல் அனுப்பவும்."