பெறாமகன் யாருடைய மகன்?

வேலணைத் தீவின் சாட்டியில், ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் வம்சாவழி மரத்தைக் கைபேசியில் படமெடுத்து ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ உள்ள பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதை மொழிபெயர்க்க உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த மரத்தை எழுதியவர் யார் என்பதுதான். ஒரு பெட்டியில் 'மாமி' என்று இருந்தால், அவர் யாருக்கு மாமி என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

யாழ்ப்பாணத்தில் மாமி என்பவர் அப்பாவின் சகோதரியாக இருக்கலாம், அம்மானின் மனைவியாக இருக்கலாம், கணவனையோ மனைவியையோ பெற்றவராகவும் இருக்கலாம். மச்சானை மணந்த பெண்ணுக்கு இவற்றில் இரண்டு உறவும் ஒரே ஆளில் சேரும். ஆங்கிலத்திலோ அப்பாவின் சகோதரிக்கு ஒரு சொல், மாமியாருக்கு வேறொரு சொல். கவனியாமல் மொழிபெயர்த்தால் ஒருத்தி இருவராகிவிடுவாள்.

பெறாமகன் இதைவிடச் சிக்கலானவன். ஓர் ஆணுக்குச் சகோதரனின் மகன் பெறாமகன், சகோதரியின் மகன் மருமகன். பெண்ணுக்கு இது தலைகீழ். ஆங்கிலம் இருவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். மகளைக் கட்டிக்கொடுக்கும் முறையில் உள்ளவன் யார், முறையில்லாதவன் யார் என்ற வேறுபாடு அதோடு போய்விடும். படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டால் இன்னொரு கேடு: 'பெறா' போய் 'மகன்' மட்டும் மிஞ்சும். பெட்டியிலிருந்து மேலே போகும் கோடு யாரிடம் சேர்கிறது என்று பார்த்தால்தான் பிழை பிடிபடும்.

பெரியப்பாவின் மகனும் அண்ணன்தான், கூடப் பிறந்தவனும் அண்ணன்தான். இரண்டையும் சகோதரன் என்று எழுதினால், ஐந்து மாத இடைவெளியில் பிறந்த இரண்டு 'சகோதரர்கள்' குடிவரவு அதிகாரியின் மேசைக்குப் போவார்கள். பிறந்த திகதிகளை ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.

இந்த அமைப்பு ஆராய்ச்சியாளருக்குப் புதிதல்ல. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில் தமிழ் உறவுமுறையை வட அமெரிக்கச் செனகா மக்களின் உறவுமுறையோடு ஒப்பிட்டார். எல்லா மொழியும் ஆங்கிலம் போல வறண்டதுமல்ல. அப்பம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் நோர்வேஜிய மொழியில் ஃபார்மோர், மோர்மோர் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒஸ்லோவில் வளரும் பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை.

ஒற்றைச் சொல் இல்லாத இடத்தில் பெற்றோர், பிள்ளை, சகோதரர், துணை என்ற நான்கு கண்ணிகளால் வழியை எழுதுவதே நேர்மையான முறை: 'அப்பாவின் தம்பியின் மகன்' என்று. அதன் பக்கத்தில் மூலச்சொல்லை அப்படியே வைக்க வேண்டும். நீளும்தான், ஆனால் எவரும் தொலைவதில்லை.

வீட்டில் இப்படியொரு மரம் இருந்தால் நான்கு ஓரமும் தெரியப் படமெடுங்கள். எழுதியவரின் பெட்டியைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பெயர்களைச் சொல்லத் தெரிந்த மூத்தவர் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.