கிராஜுவிட்டி வழக்கில் ஆர்டர் வந்தாச்சு... கைக்கு வரவேண்டியது எவ்வளவு? எந்தத் தேதிக்குள்?

ஓய்வு பெற்ற பிறகு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை குறைவாக வந்தால் தொழிலாளர் துறையில் மனு போடலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் விசாரணை முடிந்து உத்தரவு கைக்கு வந்ததும், அதில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த உத்தரவில் தொகையைப் போலவே தேதியும் முக்கியம். வட்டி எதிலிருந்து எதுவரை ஓடுகிறது என்பதைக் கவனிக்காவிட்டால் ஆயிரக்கணக்கில் கைவிட்டுப் போய்விடும்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

தகராறு எங்கே வருகிறது?

கோவையில் ஒரு மில் தொழிலாளி 2022 மே 31-ல் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் 27 வருடம் 8 மாதம். கடைசி மாத அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய், பஞ்சப்படி 7,800 ரூபாய். நிர்வாகம் ஜூன் மாதத்திலேயே 2,83,500 ரூபாய் கொடுத்துவிட்டது. 'கணக்கு முடிஞ்சது' என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. நிர்வாகம் பஞ்சப்படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்திருக்கிறது. மேலே இருக்கும் 8 மாதத்தையும் கழித்துவிட்டது. 1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததுதான் ஊதியம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாக எடுக்க வேண்டும்.

உத்தரவில் வரவேண்டிய கணக்கு என்ன?

மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். இவருக்கு 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். 15 நாளுக்கு 15,000. 28 வருடத்துக்கு 4,20,000 ரூபாய். ஏற்கெனவே வந்த 2,83,500-ஐக் கழித்தால், பாக்கி 1,36,500 ரூபாய்.

வட்டி கிடைக்குமா?

நிச்சயமா கிடைக்கும். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் ஆண்டுக்கு 10 சதவிகிதம் தனிவட்டி. தாமதத்துக்குத் தொழிலாளியே காரணமாக இருந்து, அதிகாரியிடம் நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கியிருந்தால் மட்டுமே விலக்கு. கர்நாடகா அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் கார்ப்பரேஷன் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-ல் இதை உறுதி செய்தது. இந்த வட்டி கட்டாயம், அது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த வட்டி பணம் கொடுக்க வேண்டிய நாளில் தொடங்கி, பணம் கொடுத்த நாள் வரை ஓடும். உத்தரவு தேதியோடு நின்றுவிடாது. நம்ம உதாரணத்தில் பாக்கிக்கு வருடத்துக்கு 13,650 ரூபாய் வட்டி. 2024 மே 31-ல் பணம் வந்தால் இரண்டு வருட வட்டி 27,300. ஆக மொத்தம் 1,63,800 ரூபாய். அதற்குப் பிறகு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 37 ரூபாய் கூடும்.

கெடு எப்போது முடிகிறது?

அதிகாரியின் நோட்டீஸ் நிர்வாகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். உத்தரவில் போட்ட தேதியிலிருந்து எண்ணக்கூடாது. மே 2-ல் கிடைத்திருந்தால் ஜூன் 1-க்குள் கொடுத்தாக வேண்டும்.

நிர்வாகம் அப்பீல் போகலாம். அதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம். ஆனால் பணிக்கொடைத் தொகையை டெபாசிட் செய்தால்தான் அப்பீல் ஏற்கப்படும். 'அப்பீல் போட்டிருக்கோம், அப்புறம் பார்க்கலாம்' என்று நிர்வாகம் சொன்னால், டெபாசிட் ஆகிவிட்டதா என்று அப்பீல் அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கெடு தாண்டியும் பணம் வரலைன்னா?

உத்தரவு போட்ட அதிகாரியிடமே வசூலிப்பு மனு கொடுக்க வேண்டும். அவர் கலெக்டருக்குச் சான்று அனுப்புவார். நில வரி பாக்கியை வசூலிப்பது போலவே இந்தத் தொகையும் வசூலிக்கப்படும். இந்தக் கட்டத்தில் கூட்டு வட்டியும் சேரும். ஆனால் அந்த வட்டி பணிக்கொடைத் தொகையைத் தாண்டக்கூடாது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. ஊதியத்துக்கான விளக்கமும் அதில் மாறியிருக்கிறது. எனவே உத்தரவில் முதலில் பார்க்க வேண்டியது, ஓய்வு பெற்ற தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதுதான். எந்தச் சட்டத்தின் கணக்கு, வட்டி எந்த நாளில் தொடங்கும் என்ற இரண்டையும் அந்தத் தேதிதான் முடிவு செய்கிறது.