லயன் கதவும் ஆபீஸ் கதவும்

2023 டிசம்பர் 17ஆம் திகதி பொலிஸார் 'யுக்திய' என்ற பெயரில் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையைத் தொடங்கினார்கள். சில வாரங்களுக்குள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். தேடுதல் ஆணை இல்லாமல் வீடுகள் சோதிக்கப்படுகின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள், இந்த நடவடிக்கையை உடனே நிறுத்தி மீளாய்வு செய்யும்படி அரசாங்கத்தைக் கேட்டார்கள். போதைப்பொருளால் நம் பிள்ளைகள் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம், அதை ஒழிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டோம். கதவைத் தட்டும் முறையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

சிலாபம் தொடங்கி முந்தல், மதுரங்குளி, கற்பிட்டி வரையுள்ள தென்னந்தோட்டங்களில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று நம் லயன் காம்பிராவின் கதவு. அதை யாரும் எந்த நேரத்திலும் தள்ளிக்கொண்டு வரலாம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மற்றது தோட்ட ஆபீசின் கதவு. அங்கே போக அரசாங்க உத்தியோகத்தர்கூட முதல்நாள் போன் எடுத்து நேரம் கேட்பார். சட்டத்தைப் பார்த்தால் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். முன்னறிவித்தல் இல்லாமல் நுழையலாம் என்று சட்டம் சொல்வது ஆபீசுக்குள். காரணம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று சொல்வது நம் வீட்டுக்குள்.

முதலில் லயன் கதவைப் பார்ப்போம். இப்படி வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேர் வருகிறார்கள். இருவர் சிவில் உடையில் இருக்கிறார்கள், மூன்றாமவர் தோட்டத்து வாச்சர். ஸ்டோரில் தேங்காய் குறைகிறதாம், காம்பிராவைப் பார்க்க வேண்டுமாம்.

வாச்சருக்கும், கண்டக்டருக்கும், துரைக்கும்கூடத் தேடும் அதிகாரம் கிடையாது. "காம்பிரா தோட்டத்துச் சொத்துத்தானே" என்பார்கள். தண்டனைச் சட்டக்கோவை அத்துமீறலைப் பற்றிப் பேசும்போது, சொத்து யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை, யாருடைய இருப்பில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. குடியிருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்தால், நுழைந்தவர் உரிமையாளரின் ஆளாக இருந்தாலும் அது அத்துமீறல்தான். தனியாள் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்ய முடிவதும் சில சந்தர்ப்பங்களில் மட்டுமே. தன் கண்ணெதிரே பாரிய குற்றம் ஒன்று நடந்தால் பிடிக்கலாம், பிடித்தவரைத் தாமதமில்லாமல் பொலிஸிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டோரில் காய் குறைகிறது என்பதற்காக வாச்சர் நம் பெட்டியைத் திறக்க இதில் இடமில்லை.

மற்ற இருவரும் உண்மையில் பொலிஸார் என்றால் கதை வேறு. இங்கே நம்மவர் பலர் ஒரு தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். "வாரண்ட் இருந்தால்தான் உள்ளே விடுவேன்" என்று நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். அது போதாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, நீதவான் கொடுத்த தேடுதல் ஆணை. அது எழுத்தில் இருக்கும், நீதவானின் கையொப்பம் இருக்கும், எந்த இடத்தை எதற்காகத் தேடுவது என்று சொல்லும். அதைக் காட்டினால் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். அடுத்த லயனுக்கு எழுதிய ஆணையைக் காட்டி நம் லயனைத் தேட முடியாது. ஆகவே இலக்கத்தையும் பெயரையும் வாசிக்க வேண்டும். அது சிங்களத்தில் இருந்தால் வாசித்துச் சொல்லும்படி கேட்கலாம். நம் பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள் சிங்களம் வாசிப்பார்கள், அவர்களை எழுப்புங்கள்.

இரண்டாவது, கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், பிடியாணையோ சட்டப்படி கைது செய்யும் அதிகாரமோ உள்ள உத்தியோகத்தரை உள்ளே விட வேண்டும். கதவை உடைக்க வேண்டுமானால் தான் யார், எதற்காக வந்தேன் என்று அவர் முதலில் சொல்லி, திறக்கும்படி கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது, அதிகம் தெரியாததும்கூட. நடந்துகொண்டிருக்கும் ஒரு விசாரணைக்குக் குறிப்பிட்ட பொருள் ஒன்று தேவை, கேட்டால் அது கிடைக்காது என்று நம்பக் காரணம் இருக்கிறது என்றால், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஆணை இல்லாமலே தேடலாம், தேடுவிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு குற்றமும், ஒரு விசாரணையும், தேடும் பொருளும் இருக்க வேண்டும். "சும்மா பார்க்க வந்தோம்" என்பது இந்த மூன்று வழிகளிலும் அடங்காது. ஆகவே கதவில் நின்று கேட்க வேண்டியது 'வாரண்ட் இருக்கிறதா' என்பது மட்டுமல்ல. நீங்கள் யார், எந்த நிலையம், எந்த முறைப்பாடு, என்ன பொருள் என்று நிதானமாகக் கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

1951இல் முத்துசாமி எதிர் கண்ணங்கர என்ற வழக்கில் நீதியரசர் கிரேஷன் இதை விட்டுவிடாமல் சொன்னார். ஆணை இல்லாமல் வீடுகளைத் தேடவும் ஆட்களைக் கைது செய்யவும் முனையும் பொலிஸாரின் செயல்களை மேலதிகாரிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக நீதிமன்றங்களும் மிகக் கவனமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சந்தேகம் என்றால் அதற்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும், கைதாகும் ஆளுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதும் அங்கே பேசப்பட்டது. இன்றைய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் கைதுக்கான காரணத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது.

கள்ளும் கசிப்பும் நம் கரையோரத்துச் சங்கதி. ஆகவே மதுவரி உத்தியோகத்தர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆணை வாங்கப் போனால் ஆள் தப்பிவிடுவார் அல்லது பொருள் மறைந்துவிடும் என்ற நிலையில், மதுவரிக் கட்டளைச் சட்டம் அவர்கள் ஆணை இல்லாமல் நுழைய இடம் தருகிறது. ஆனால் அப்படி நம்புவதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். வழக்கு வந்தால் நம் சட்டத்தரணி கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தக் குறிப்பு எங்கே என்பதுதான்.

தேடும்போது வீட்டார் ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதைக்குப் பங்கமில்லாமல். எடுத்துச் செல்லும் பொருட்களுக்குப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். கைகலப்பு மட்டும் வேண்டாம். அது அவர்களுக்குப் புதிதாக ஒரு வழக்கைக் கையில் கொடுப்பதாகவே முடியும்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. தேடிய முறை பிழையாக இருந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காகக் கண்டெடுத்த பொருளை நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடாது. பிழையான தேடுதலுக்குப் பரிகாரம் தனி வழியில் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. நம்மவர்கள் கோயில் திருவிழா முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று நாற்பது நாள் கழித்து வருகிறார்கள். அதற்குள் வழி அடைபட்டுவிடுகிறது.

இந்த வரம்புகள் பெரும்பாலும் வேலை செய்யாத இடம் பயங்கரவாதத் தடைச் சட்டம். பொலிஸ் அத்தியட்சகரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பொலிஸ் பரிசோதகரோ ஆணை எதுவும் இல்லாமல் எந்த இடத்திலும் நுழைந்து தேடலாம், ஆவணங்களைக் கைப்பற்றலாம். நம் மாவட்டத்தில் தமிழ் கற்பித்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் இந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். பிரச்சினையாக்கப்பட்டது அவரது கவிதைப் புத்தகம். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. புத்தகம் வைத்திருக்கும் ஆசிரியர்களான நாம் அதை மறக்கவில்லை.

இனி ஆபீஸ் கதவு. தென்னை வளர்த்தல் தொழிலுக்குச் சம்பளச் சபை இருக்கிறது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் தொழில் உத்தியோகத்தருக்கு வேலைத்தலத்துக்குள் நுழையவும், செக்ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கவும், வேலையாட்களை விசாரிக்கவும் அதிகாரம் தருகின்றன. இதற்கு நீதவானின் ஆணை வேண்டியதில்லை. இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழில் தாபனத்தின் 81ஆம் இலக்கச் சமவாயம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பரிசோதகர் பகலோ இரவோ எந்த நேரத்திலும் முன்னறிவித்தல் இல்லாமல் வேலைத்தலத்துக்குள் போகலாம். வந்ததும் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்தான், ஆனால் அது தன் வேலையைக் கெடுக்கும் என்று கருதினால் அதையும் தவிர்க்கலாம். தொழிலாளியைத் தனியாக விசாரிக்கலாம். யார் முறைப்பாடு செய்தார் என்பதையும், முறைப்பாட்டின் பேரில்தான் வந்தேன் என்பதையும் முதலாளியிடம் சொல்லவே கூடாது.

நடப்பது வேறு. முதல்நாள் போன் வந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூன்று மாதத்துச் செக்ரோல் ஒரே பேனாவில், ஒரே கைச்சாய்வில் எழுதியிருக்கும். பெயர் பதியாமல் வேலை செய்யும் பறிகாரருக்கும் உரிப்பவர்களுக்கும் அன்று லீவு. தும்பு ஆலையில் அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் கையுறை. விசாரணையும் கண்டக்டரின் மேசைக்கு முன்னால்தான் நடக்கும். அங்கே நின்று "ஈ.பீ.எப். வெட்டுகிறார்கள், கட்டுவதில்லை" என்று எந்தப் பெண் சொல்லுவாள்?

சங்கம் தொழில் திணைக்களத்திடம் கேட்க வேண்டியது புதுச் சட்டமல்ல. இருக்கும் அதிகாரத்தின்படி சொல்லாமல் வரட்டும், காய் உரிக்கும் இடத்துக்கு நேரே வரட்டும், ஆபீசுக்குப் பிறகு போகட்டும். முறைப்பாட்டை நாம் எழுத்தில் கொடுக்கும்போது, பெயர் வெளிவரக் கூடாது என்றும் விசாரணை தனியே நடக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதுவோம். உத்தியோகத்தர் வந்த திகதி, நேரம், எந்தப் பதிவேட்டைப் பார்த்தார், யாருக்கு முன்னால் பேசினார் என்பதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். லயனுக்கு இரவில் வருபவர்களின் பெயரும் நிலையமும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.