கேட்பதைக் குறைக்காமல்

சிற்றிதழுக்குக் கதை அனுப்புகிறவருக்கு நாம் சன்மானம் தருவதில்லை, தர முடிவதில்லை. அவர் மாதக்கணக்கில் எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லும்போது நம் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டுமே. அது கடுமையாக அமைந்தால் கதை வேறு இதழுக்குப் போய்விடும். புதிதாக எழுத வந்தவரானால் எழுதுவதையே விட்டுவிடவும் கூடும். கடுமைக்கு அஞ்சி மழுப்பி எழுதினாலோ இரண்டு காற்புள்ளிகள் மட்டும் மாறி அதே கதை திரும்பி வரும். தமிழ் இதழ்களில் இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்று நினைக்கிறோம். அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துப் பார்ப்போம். வந்திருக்கும் கதை 4,000 சொற்கள். இதழில் 3,000 சொற்களுக்குத்தான் இடம். பேருந்து நிலையத்தில் தந்தையும் மகளும் பிரிகிற இடத்திலேயே கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் பிறகும் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. தந்தை ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று மகள் பல ஆண்டுகள் கழித்து அதில் விளக்குகிறாள். ஆசிரியர் படித்த சூட்டோடு எழுதுகிற முதல் வரைவு இப்படி வரும்:

“கடைசிப் பகுதி தேவையே இல்லை. வாசகர்களுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறீர்கள். சொன்னதையே நீட்டி முழக்குகிறீர்கள். 3,000 சொற்களாகக் குறைத்து 20ஆம் தேதிக்குள் அனுப்பவும்.”

மறுநாள் படிக்கும்போது மனம் உறுத்துகிறது. திருத்துகிறார்:

“கதை மிக அருமை. கடைசிப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கிப் பார்க்கலாமோ என்று ஒரு சிறு எண்ணம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரம் கிடைக்கும்போது முடிந்தால் பாருங்கள்.”

இரண்டையும் பக்கத்தில் வைத்து, திருத்தத்தில் எவையெல்லாம் காணாமல் போயின என்று பாருங்கள். 3,000 என்ற அளவு போயிற்று. தேதி போயிற்று. அந்தப் பகுதி ஏன் வேண்டாம் என்ற காரணமும் போயிற்று. முதல் வரைவில் யாரையும் புண்படுத்தாத சொற்கள் அந்த அளவும் தேதியும்தான். புண்படுத்தியவை வேறு. “என்று நினைத்து” என்பது எழுத்தாளரின் உள்நோக்கத்தை நாமே ஊகித்துச் சொல்லும் குற்றச்சாட்டு. “நீட்டி முழக்குகிறீர்கள்” என்பது பிரதியை விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் பேசுகிறது. “தேவையே” என்பதில் உள்ள ஏகாரம் விவாதத்துக்கு இடமில்லை என்று கதவைச் சாத்துகிறது. “அனுப்பவும்” அலுவலகச் சுற்றறிக்கையின் குரல். மாற்ற வேண்டியவை இந்த நான்கும்தான். ஆசிரியர் இவற்றைத் தேடி எடுக்காமல் கடிதம் முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டார்.

பெனலபி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் என்ற இருவர் பணிவுமொழியைப் பற்றி எழுதிய ஆய்வு 1978இல் வெளிவந்து, 1987இல் தனி நூலாயிற்று. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோவை மாவட்டத்துக் கிராமத் தமிழ். மற்றவை ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்டால் மொழியும். கோரிக்கையை நேரடியாக, ஆனால் மரியாதையோடு கேட்பதையும், கேட்டோம் என்றே சொல்ல முடியாதபடி குறிப்பாக விட்டுவிடுவதையும் அவர்கள் தனித்தனி வழிகளாகப் பிரித்தார்கள். குறிப்பாக விட்டால் கேட்டவர் பின்வாங்கிக்கொள்ளலாம், கேட்கப்பட்டவரும் கவனிக்காதது போல இருந்துவிடலாம். நம் இரண்டாவது வரைவு அந்த வகையைச் சேர்ந்தது. ஷோஷானா ப்ளூம்-குல்கா என்பவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், எபிரேயமும் ஆங்கிலமும் பேசுகிறவர்களிடம் பலவகைக் கோரிக்கைகளைக் கொடுத்து எது பணிவானது என்று கேட்டார். மிகச் சுற்றி வளைத்த குறிப்புமொழி முதலிடம் பெறவில்லை. என்ன கேட்கிறார் என்று ஊகிக்கும் வேலையைக் கேட்கப்பட்டவர் தலையில் கட்டுவதும் ஒரு சுமைதான் என்பது அவர் தந்த விளக்கம். தமிழிலும் அப்படித்தான் என்பது எங்கள் அனுபவம். மழுப்பலான கடிதம் கிடைத்த எழுத்தாளர் நண்பர்களுக்குப் போன் செய்து, “அவர் என்னதான் சொல்ல வர்றார்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நம் பேச்சுத் தமிழின் மென்மைகளில் சில எழுத்தில் ஏறும்போது பொருள் மாறிவிடுகின்றன. “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று பேருந்தில் சொன்னால் அந்தக் “கொஞ்சம்” மரியாதை. தூரத்தின் அளவு அல்ல. அதையே கடிதத்தில் “கொஞ்சம் சுருக்குங்கள்” என்று எழுதினால் அளவாகிவிடுகிறது. எழுத்தாளர் நேர்மையாகவே நூறு சொல்லைக் குறைத்து அனுப்புகிறார். “முடியுமா?” என்பதிலும் கவனம் வேண்டும். முடியாது என்ற பதிலை ஏற்கத் தயாராக இருந்தால் மட்டுமே அப்படிக் கேட்கலாம். அந்தப் பகுதி இருந்தால் வெளியிடப்போவதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு “எடுத்துவிட முடியுமா?” என்று கேட்பது பணிவாகத் தெரிந்தாலும் உண்மையல்ல. “எடுத்துத் தாருங்கள்” என்பதில் மரியாதைப் பன்மை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் குழைய வேண்டியதில்லை.

மூன்றாவது வரைவு இப்படி இருக்கலாம்:

“மகள் நீட்டிய சில்லறையைத் தந்தை அவள் கையிலேயே மூடி வைக்கும் இடம் எங்களை உலுக்கியது. அவர் ஏன் விலகிப் போகிறார் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பின்னால் வரும் விளக்கம் அதன் வலுவைக் குறைப்பதாக எங்களுக்குப் படுகிறது. அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, பேருந்து கிளம்பும் இடத்திலேயே கதையை முடித்துத் தாருங்கள். அப்போது கதை 3,000 சொற்களுக்குள் வந்துவிடும். எங்களிடம் இருக்கும் இடமும் அவ்வளவுதான். 20ஆம் தேதிக்குள் கிடைத்தால் இந்த இதழிலேயே வெளியிடுவோம். அந்தப் பகுதி இருந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கருதினால், அதையும் அந்தத் தேதிக்குள் தெரிவியுங்கள். வேறு எங்கே குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.”

முதல் வரைவைவிட இது நீளம். கூடுதல் இடத்தை எடுத்துக்கொண்டவை காரணமும் மாற்றுவழியும், குழைவு அல்ல. பாராட்டும் ஒரு குறிப்பிட்ட வரியைத் தொட்டு நிற்பதால் கோரிக்கைக்கே ஆதாரமாகிவிடுகிறது. “மிக அருமை” என்பதால் இந்த வேலை நடக்காது. அருமையான கதையை எதற்குத் திருத்துவது என்றுதான் அது எழுத்தாளரைக் கேட்க வைக்கும். அனுப்புமுன் கதையைப் படிக்காத ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்து, இவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். தயங்காமல் சொல்லிவிட்டால் அனுப்பலாம்.

இந்த முறை எல்லாக் கடிதத்துக்கும் பொருந்தாது. கதையை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் அங்கே கோரிக்கை எதுவும் இல்லை. மறுப்பைக் கோரிக்கைபோல எழுதக் கூடாது. “இப்போதைக்கு இடமில்லை”, “பிறகு பார்க்கலாம்” என்ற பதில்களை நம்பி, வேறெங்கும் அனுப்பாமல் ஓர் ஆண்டு காத்திருந்தவர்களை எங்களுக்குத் தெரியும். வெளியிட இயலவில்லை என்ற வாக்கியம் முதல் பத்தியிலேயே வரட்டும். அவர் அன்றைக்கே வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.