புலமைப்பரிசில் பரீட்சை: அந்த அரை மணித்தியாலம் பெற்றோர் எங்கே நிற்பது?



தரம் 5 பரீட்சை நெருங்கும்போதெல்லாம் எங்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், இடைவேளையில உள்ளுக்கு வந்து பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தலாமா?" முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது, அப்படியானால் எங்கே நிற்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். காலை 9.30 முதல் 10.45 வரை பகுதி இரண்டு. பிறகு 11.15 முதல் 12.15 வரை பகுதி ஒன்று. நடுவில் இருப்பது 30 நிமிடம். அந்த நேரத்திலும் பெற்றோர் நிலையத்துக்குள் வரக்கூடாது என்பது பரீட்சைத் திணைக்களத்தின் அறிவுறுத்தல்.

இதைக் கொடுமை என்று சில தாய்மார் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 30 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 10.45க்கு எழுதுவதை நிறுத்தியதும் விடைத்தாள்களைச் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அது முடிந்துதான் பிள்ளைகள் எழும்பலாம். 11.15க்கு முன்பே திரும்பவும் கதிரையில் இருக்க வேண்டும். கையில் மிஞ்சுவது இருபது நிமிடமளவில்தான். அதற்குள் தண்ணீர் குடித்து, மலசலகூடம் போய், இரண்டு வாய் சாப்பிட வேண்டும். இந்த நேரத்தில் நூறு பெற்றோர் உள்ளே வந்தால் என்ன ஆகும்? "அந்தக் கணக்குக்கு என்ன விடை போட்டாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும். பிழை என்று தெரிந்தவுடன் பத்து வயதுப் பிள்ளை அழும். அந்தக் கண்ணீரோடு அடுத்த வினாத்தாளை எப்படி எழுதுவது? அதுமட்டுமல்ல, 2024 பரீட்சையில் வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு தாள் இன்னும் எழுத இருக்கும்போது கைத்தொலைபேசியோடு வெளியாட்கள் உள்ளே திரிய எந்த மேற்பார்வையாளரும் விடமாட்டார். கற்பித்த ஆசிரியர்களான நாங்களும் கேற்றுக்கு வெளியேதான் நிற்கிறோம்.

ஆக, சட்டத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எங்கள் குறை வேறு. எங்கே நிற்கக்கூடாது என்று சொல்கிறோம். எங்கே நிற்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகஸ்ட் வெயிலில் கைக்குழந்தையோடு வந்த உம்மா மதிலோரம் நிற்கிறார். அவருக்கு நிழல் இல்லை, மலசலகூடம் இல்லை. வாப்பாமாரின் மோட்டார் சைக்கிளும் ஓட்டோக்களும் கேற்றை அடைத்து நிற்கின்றன. வீதியோர வகுப்பறைக்கு அந்தச் சத்தம் முழுவதும் கேட்கிறது. போக இடம் இல்லாதபடியால்தான் எல்லோரும் கேற்றிலேயே தொங்குகிறார்கள். "வீட்டுக்குப் போங்கோ" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர் போய்த் திரும்புவதற்குள் பரீட்சை முடிந்துவிடும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அனேகமான பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையமோ, கோயில் மடமோ, தேவாலய மண்டபமோ, பள்ளிவாசலோ இருக்கிறது. எங்கள் பகுதியில் நிலையம் அமைந்தால் பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் முதல் நாளே பேசி, மதரஸா மண்டபத்தைக் காலை 8 மணி முதல் திறந்து வைக்கலாம். பெண்களுக்குத் தனி இடமும் குடிதண்ணீரும் இருந்தால் போதும். எந்த ஊர்த் தாயாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும் வந்து இருக்கட்டும். "பெற்றோர் காத்திருக்கும் இடம்" என்று ஒரு மட்டையில் எழுதி, அம்புக்குறி போட்டுக் கேற்றில் கட்டிவிட்டால் பாதிக் கூட்டம் தானாகக் கலையும். பரீட்சை முடிந்ததும் பிள்ளையை எங்கே கூட்டிக்கொள்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. கேற்றுக்குள் போன பிறகு பிள்ளை தன் வேலையைத் தானே பார்க்கப் பழக வேண்டும். போத்தல் மூடியைத் தானே திறக்கத் தெரியுமா என்று வீட்டில் பாருங்கள். கறி சோறு வேண்டாம். கை கழுவவே நேரம் போய்விடும். பணிஸ், வாழைப்பழம் போதும். சுட்டெண் இடது பக்கத்தில் தெரிய வேண்டும். எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் பர்தா அதை மறைத்துவிடும், ஆகவே பர்தாவுக்கு மேலே குத்திவிடுங்கள். இழுப்பு, வலிப்பு போன்ற வருத்தம் இருந்தால் காலையிலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லி, உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். பிறகு கேற்றில் நின்று எட்டிப் பார்க்க வேண்டிய தேவை இருக்காது.

பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள், இளைஞர்கள் இதை வாசித்தால் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். மண்டபம் கிடைத்தால் கதிரை அடுக்க நாங்கள் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.