ஞாயிறு ராத்திரியா, திங்கள் ராத்திரியா?

உதாரணத்துக்கு திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். பகல் ஷிப்ட் காலை 8 முதல் 4 வரை, அரை நைட் 4 முதல் 12 வரை, முழு நைட் 12 முதல் காலை 8 வரை. பல வருஷமாக இதுதான் வழக்கம். இனி 6 மணி, 2 மணி, 10 மணி என்று மாறப்போகிறது. கேட் பக்கத்து போர்டில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

"நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு 17-ஆம் தேதி 00.00 மணி முதல் பணிநேரம் மாற்றியமைக்கப்படுகிறது. மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்."

முழு நைட் பார்க்கும் சைடர் ஒருவர் இதைப் படிக்கிறார். 17 திங்கட்கிழமை. அவர் கணக்கில் ஞாயிறு சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குக் கிளம்பினால் அது ஞாயிறு ராத்திரி ஷிப்ட். நோட்டீஸ் கணக்கில் 12 அடித்தால் திங்கள். ஞாயிறு 10 மணிக்கு வர வேண்டுமா, 12 மணிக்கா, இல்லை திங்கள் 10 மணிக்கா? தவறாக ஊகித்தால் ஒரு நாள் சம்பளம் போகும். தவறு அவருடையதல்ல, அந்த '00.00' செய்தது.

இரவு ஷிப்டைச் சொல்லும்போது தேதி மட்டும் போதாது. "ஞாயிறு ராத்திரி, விடிந்தால் திங்கள்" என்று நம் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

அந்த நோட்டீஸ் சொல்லாமல் விட்டது இன்னும் இரண்டு உண்டு. திங்கள் காலை 6 மணிக்கே புதிய பகல் ஷிப்ட் தொடங்குவதால், ஞாயிறு முழு நைட் 12 முதல் 6 வரை, 6 மணி நேரம்தான். சம்பளம் எத்தனை மணிக்கு? தொழிலாளி முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அடுத்தது ஓய்வு. வாராந்திர ஷிப்ட் சுற்றும் அதே திங்களில் மாறி, அரை நைட்காரர் பகலுக்கு வந்தால், இரவு 12-க்கு முடித்தவர் காலை 6-க்கு மிஷின் முன் நிற்க வேண்டும். பழைய நேரத்தில் 8 மணி இடைவெளி இருந்தது, இப்போது 6. பஸ்ஸில் போய்வரும் நேரம் போனால் தூக்கம் எவ்வளவு மிஞ்சும்? அதனால் அந்த ஒரு வாரம் சுற்றை மாற்றாமல் விடுவதே சரி.

டைம் ஆபீஸ் இதையெல்லாம் முடிவு செய்த பிறகு நோட்டீஸைத் திரும்ப எழுதலாம்:

"வணக்கம். 17-ஆம் தேதி திங்கள் காலையிலிருந்து ஷிப்ட் நேரம் மாறுகிறது. பகல் 6 முதல் 2. அரை நைட் 2 முதல் 10. முழு நைட் 10 முதல் காலை 6.

முழு நைட் பார்ப்பவர்கள் ஞாயிறு ராத்திரி வழக்கம்போல 12 மணிக்கு வாருங்கள். திங்கள் விடிய 6 மணிக்கு வேலை முடியும். அன்றைக்கும் 8 மணி நேரச் சம்பளம் உண்டு. திங்கள் ராத்திரியிலிருந்து 10 மணிக்கு வாருங்கள்.

இந்த வாரம் யாருக்கும் ஷிப்ட் சுற்று மாறாது. மில் பஸ் இரண்டு மணி நேரம் முன்னதாக வரும். காலை 6 மணிக்கு வருவது சிரமம் என்றால் 10-ஆம் தேதிக்குள் டைம் ஆபீஸில் சொல்லுங்கள்."

இதில் மிரட்டல் இல்லை, ஆனால் வேண்டியது எல்லாம் இருக்கிறது. மாற்றத்துக்கு என்ன காரணமோ அதையும் ஒரு வரியில் உள்ளபடி சேர்க்கலாம். 'நிர்வாகக் காரணம்' என்று எழுதினால் தொழிலாளி தானே ஒரு காரணத்தை யோசித்துக்கொள்வார். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் படிக்கும் மொழியிலும் ஒரு தாள் வேண்டும்.

ஒட்டியதோடு வேலை முடியாது. மூன்று ஷிப்டிலும், வேலை நேரத்திலேயே பத்து நிமிஷம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து, பஸ் ஹாரன் அடிக்கும்போது சொன்னால் காதில் ஏறாது. வார விடுமுறையில் இருப்பவர்களுக்குப் போன் செய்ய ஒரு பட்டியல் வேண்டும்.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மேஸ்திரி இப்படிக் கேட்கலாம்: "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்ண்ணே. ஞாயித்துக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்குக் கேட்டுக்கு வருவீங்க?" "பத்து மணிக்கு" என்று நாலு பேர் சொன்னால், திருத்த வேண்டியது நோட்டீஸைத்தான்.

நிலையாணைகளில் இடமில்லாத ஷிப்ட் மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020 தொழில் உறவுகள் தொகுப்பும் அதே 21 நாளைச் சொல்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புவது, பால் யார் வாங்குவது என்று ஒரு குடும்பம் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய நாட்கள் அவை. 00.00 என்றால் எந்த ராத்திரி என்று கண்டுபிடிப்பதிலேயே அவை கரைந்துவிடக் கூடாது.